‘வீடு’ படம் பார்த்துவிட்டு அம்மாவுக்கு எழுதிய கடிதம்

அன்புள்ள அம்மா,

போனில் பேசினால் மழை பெய்ததா, கால் வலி எப்படி இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இது கொஞ்சம் நீளமான விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தை இப்போதுதான் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். 1988-ல் வந்த படம். கதை உனக்கு ஓரளவு தெரியும். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சுதா, அவளுடைய தங்கை இந்து, ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியாரான தாத்தா முருகேசன் என்று மூன்று பேர் இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். அவளுடைய சம்பளத்துக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் ஐயங்கார் ஒருவர், தாத்தா பெயரில்தான் மனை இருக்கிறதே, கடன் வாங்கிக் கட்டிவிடலாமே என்று யோசனை சொல்கிறார். இரண்டு மனையில் ஒன்றை விற்று, நகையை விற்று, கடன் வாங்கிக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். மிச்சப் படம் முழுக்க ஒரு சின்ன வீடு தரையிலிருந்து மேலே வருகிற கதைதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு அந்த ஆண்டு தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் இதற்குத்தான்.

பார்க்கும்போது எனக்கு சுதா தெரியவே இல்லை அம்மா. 1993-ல் திருச்சியில் விமான நிலையம் போகிற பாதையில், முள்ளுச்செடி மண்டிக் கிடந்த அந்த மனையில், ஆபீஸ் போகிற சேலையோடு நின்றுகொண்டிருந்த நீதான் தெரிந்தாய்.

இந்தப் படம் எப்படி வந்தது என்பதைப் படித்த பிறகுதான் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. பாலுமகேந்திரா இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா ஒரு வீடு கட்ட ஆரம்பித்தாராம். அதுவரை கலகலவென்று இருந்த அம்மா, வேலை தொடங்கியதும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவராக மாறிப்போனார். வேலை பாதியில் நின்று வருஷக்கணக்கில் இழுத்தது. வீடு முடிந்த பிறகுதான் பழைய அம்மா திரும்பக் கிடைத்தார். அந்தப் பையனுக்கு அது மறக்கவே இல்லை. வளர்ந்து, புனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, எத்தனையோ படங்கள் எடுத்த பிறகு அதை வைத்து ‘வீடு’ எடுத்தார். தன் அம்மாவுக்கே அதைச் சமர்ப்பணமும் செய்தார்.

நம் வீட்டிலும் அதே மாதிரி ஒரு காலம் இருந்தது. நான் நாலாம் வகுப்பு. அதுவரை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் என்னை மடியில் இழுத்துப்போட்டுத் தலை பின்னிவிட்டுக்கொண்டே ரேடியோவோடு சேர்ந்து பாடுவாய். திடீரென்று அது நின்றுபோனது. பென்சில் தொலைந்தால் திட்டு, சோற்றில் மிச்சம் வைத்தால் திட்டு, தம்பி தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டால் முதுகில் அடி. அப்பா அப்போது வேலூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்விடுவார். அந்த ஒரு பகலிலும் நீங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது என்று தம்பியிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

படத்தில் சுதாவும் அப்படித்தான் ஆகிறாள். தொடக்கத்தில் சிரிக்கிற முகம், படம் போகப்போக இறுகிக்கொண்டே வருகிறது. ஏன் என்று பாலுமகேந்திரா வசனத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் யாரோ ஒருவர் அவளிடம் பணம் கேட்கிறார், அவ்வளவுதான் காட்டுகிறார். மனு கொடுக்கிற இடத்தில் கேட்கிறார்கள், கட்டுகிற இடத்தில் கேட்கிறார்கள், மழை வந்தால் வேலை நின்று அது ஒரு செலவாகிறது. அந்தக் கோபத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது பார்க்கிறவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடுகிறது.

உன் கணக்கு என்ன என்று நான் இப்போதுதான் பார்த்தேன். போன தடவை ஊருக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் பத்திரக் கட்டோடு இருந்த அந்த மஞ்சள் அட்டை நோட்டை எடுத்து வந்தேனே, படம் முடிந்ததும் அதைத் திறந்து உட்கார்ந்தேன். செங்கல் லோடு, மணல் யூனிட், முக்கால் இஞ்ச் ஜல்லி, கம்பி, கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, டீ வடைக்கு என்று தேதி போட்டு எல்லாம் இருக்கிறது. அதில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம், அரசாங்கம் உனக்குக் கொடுத்த கடன் பணம் எப்போதுமே செலவுக்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

வீட்டுக் கடன் மொத்தமாகக் கைக்கு வராது என்பதை நானும் ஒரு கடன் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேஸ்மென்ட் முடிந்தால் ஒரு பகுதி, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பகுதி, தளம் போட்டால் ஒரு பகுதி என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள். அந்தந்த மட்டம் முடிந்ததென்று ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். கொடுத்த பணத்தில் ஒழுங்காக வீடு எழும்புகிறதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கு இதில்தான் கழுத்து நெரிபடும். லிண்டலுக்கான பணம் வேண்டுமென்றால் முதலில் சொந்தக் காசில் லிண்டல் வரை ஏற்றியாக வேண்டும். வந்து பார்க்கிறவர் ஒரு வாரம் தள்ளிப் போட்டால், அந்த வாரம் சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடும், வெறுமனே நிற்கிற கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்பக் கூப்பிட்டால் சீக்கிரம் வரமாட்டார். இந்த இடைவெளிகளை அடைக்கத்தான் நகை போகிறது. உன் நோட்டில் பேஸ்மென்டுக்கு முன்னால் ‘வளையல்’ என்று எழுதியிருக்கிறாய். லிண்டலுக்கு முன்னால் ‘இரட்டை வடம்’. தளத்துக்கு முன்னால் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறாய். அந்த வருஷம்தான் உன் கழுத்தில் மஞ்சள் கயிறு வந்தது. சங்கிலி அறுந்துவிட்டது, பத்தவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று பாட்டியிடம் நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் இந்தப் படம் போட்டார்கள். விருது வாங்கிய மாநில மொழிப் படங்களை அந்த நேரத்தில் போடுவார்களே, அப்படி ஒரு நாள். நாம் புது வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு. எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கட்டடம் நடக்கிற இடத்தில் சுதாவுக்கும் கான்ட்ராக்டருக்கும் சண்டை வந்ததும் நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய். அப்பா உடனே டிவியை அணைத்தார். நல்ல படத்தை ஏன் அணைத்தீர்கள் என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த இடத்தை இப்போது பார்த்தேன். மனையிலேயே கிடந்து வேலை செய்கிற மங்கம்மா, பசி சத்யா நடித்திருக்கிறார், சுதாவிடம் ரகசியமாக ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டைகளை வெளியே கடத்துகிறான். சுதா கேட்கிறாள். அவன் மழுப்பவில்லை. சத்தம் போடுகிறான். திருடியவன் குரலை உயர்த்துகிறான், பறிகொடுத்தவள் ஆட்களுக்கு நடுவில் கூனிக் குறுகி நிற்கிறாள். வேலையை அப்படியே போட்டுவிட்டு அவன் போய்விடுகிறான்.

உன் நோட்டிலும் இந்தக் காட்சி இருக்கிறது அம்மா, இரண்டே எண்களில். ‘தளம் – 36’ என்று நீலத்தில் எழுதியிருக்கிறாய். பக்கத்தில் சிவப்பில் ‘29’. அதன் கீழே இரண்டு கோடு.

தெரிந்த ஒரு இன்ஜினியரிடம் இதைக் காட்டிக் கேட்டேன். அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். நம் தளம் 600 சதுர அடி. நாலு அங்குலக் கனம் என்றால் 200 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி என்று கலந்தால் 100 கன அடிக்குச் சுமார் 18 மூட்டை ஆகும். அப்படியானால் 36 மூட்டை உள்ளே போயிருக்க வேண்டும். 29-தான் போயிருக்கிறது. மிச்சம் ஏழு மூட்டை வெளியே போய்விட்டது. ஏழு மூட்டை குறைந்தாலும் தளம் அன்றைக்கே விழுந்துவிடாது, பார்த்தாலும் தெரியாது, அதுதான் இந்தத் திருட்டுக்கு வசதி என்றார் அவர். சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பூச்சும் வெள்ளையும் அடித்த பிறகு கேட்கவே வேண்டாம். நாலைந்து மழைக்காலம் போன பிறகுதான் மேலே ஈரம் கோக்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும், கீழிருந்து பார்த்தால் பத்தை பத்தையாகப் பெயரும். பின்னறையில் 2000-க்கு அப்புறம் நடந்தது இதுதான்.

நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதும் நோட்டிலேயே இருக்கிறது. காலிச் சாக்குகளை விற்கக் கூடாது, எனக்கு வேண்டும் என்று சித்தாள் வேலைக்கு வந்த அந்த அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறாய். தளம் போட்ட அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே வந்து சாக்கை எண்ணியிருக்கிறாய். இன்ஜினியர் இதைக் கேட்டு, உங்கள் அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, நாங்கள் இப்போதும் இதைத்தான் செய்யச் சொல்கிறோம் என்றார். மூட்டையைப் பிரிப்பதைக் கண் முன்னால் பார்க்கவேண்டும், காலிச் சாக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு எண்ணவேண்டும், கணக்குப்படி வரவேண்டிய மூட்டையோடு ஒப்பிடவேண்டும். இதைவிட எளிமையான காவல் வீடு கட்டுகிறவர்களுக்கு இல்லை. உனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் ஸ்டேஷனரி ரெஜிஸ்டர் எழுதுகிறவளுக்கு வரவும் இருப்பும் பொருந்தாவிட்டால் தூக்கம் வராது.

பின்னறை வடக்குச் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டாயே. காலண்டர் மாட்டக்கூட விட்டதில்லை. சுத்தக்காரி, சுவரில் ஓட்டை விழுந்தால் பொறுக்க மாட்டாள் என்று அப்பா சமாளிப்பார். சுத்தம் அதற்குக் காரணமில்லை. செங்கல் கட்டுக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் போடவேண்டும். சிமென்ட்டைக் குறைத்த கலவையில் ஆணி அடித்தால் ஆணி நிற்காது, மணல் பொலபொலவென்று கொட்டும். பூசுவதற்கு முன்னால் செங்கல் இடுக்கில் சாவியால் கீறிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீ கீறிப் பார்த்திருக்கிறாய். எந்தச் சுவர் எப்படி என்று உனக்கு மட்டும் தெரியும். அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறாய்.

மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது. அந்த மேஸ்திரியைக் கூட்டி வந்தவர் மாமா. “நம்ம ஆளு அக்கா, கண்ணை மூடிக்கிட்டு குடுக்கலாம்” என்று அவர் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். சாக்கு எண்ணிய மறுநாள் நீ அவரைக் கூப்பிட்டுக் கேட்டாய். அவர் மேஸ்திரிக்குப் பரிந்து பேசினாரா, தெரியாமல் போச்சு என்றாரா, அந்தப் பேச்சு என் காதில் விழவில்லை. அதற்குப் பிறகு கிரகப்பிரவேசத்துக்குக்கூட அவர் வரவில்லை. அண்ணன் தம்பி உறவு வீடு கட்டினால் முறியும் என்று பாட்டி பொதுவாகச் சொல்வாள்.

படத்தில் வீடு கட்டச் சொல்லி யோசனை கொடுத்த ஐயங்காரை நினைத்துப் பார்த்தேன். நல்ல மனுஷன். சுதாவுக்கு ஒரு கூரை வேண்டும் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் அவர் காரணமில்லை. படமும் அவர்மேல் பழி போடவில்லை. மாமாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. சிமென்ட் மூட்டை எத்தனை போகும் என்று அவருக்கு எங்கே தெரியும்? கூட இருந்து தானும் ஏமாந்தவர் என்றுதான் எனக்குப் படுகிறது. உனக்கு வேறு மாதிரி தோன்றலாம், நீதான் அங்கே இருந்தாய்.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுதாவைக் கட்டிக்கொள்ளப் போகிற கோபியாக பானுசந்தர் நடித்திருக்கிறார். அவள்மேல் பிரியம் உள்ளவன், ஓடியாடி உதவி செய்கிறவன். ஆனாலும் அந்த வீட்டின் பாரம் அவன் தோளுக்கு மாறுவதே இல்லை. கடன் அவள் பெயரில், மனை அவள் தாத்தா பெயரில், கையெழுத்து அவளுடையது. பணத்துக்காகத் தன் மேலதிகாரியிடம் போய் நிற்கிறாள். அவன் பணத்துக்குப் பதிலாக அவளையே கேட்கிறான். மறுத்துவிட்டு வந்து கோபியிடம் அழுகிறாள். பாலுமகேந்திரா அந்தக் காட்சியை இழுக்கவில்லை, ஒரு பெண் தனியாகக் காசு தேடிப் போனால் எந்தெந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அதைப் பார்த்த பிறகு, வேலூரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய்ப் பகல் முழுக்க ஜல்லி சலித்துக்கொண்டிருந்ததை வேறு விதமாகப் பார்க்கிறேன். நீ வாரம் முழுக்கப் பட்டதில் பங்கு கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கையால் செய்கிற வேலை ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது தாத்தாவின் காட்சி. முருகேசனாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பழைய நாடக மேடைக்காரர். சினிமாவுக்குள் அவர் நடிப்பதாகவே தெரியவில்லை. முடியாத உடம்போடு ஒரு நாள் தனியாக மனைக்குப் போகிறார். பூசாத சுவர்கள், கதவு வைக்காத நிலைகள். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறார். பின்னால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை. அந்த ஆல்பம் படத்துக்கு முன்பே வந்தது, ஆனால் இந்தக் காட்சிக்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது. அவர் பேசுவதில்லை. தன் பேத்தி தன் மண்ணில் ஒரு வீடு எழுப்பிவிட்டாள் என்பது அந்த விரல்களிலேயே தெரிகிறது. அங்கிருந்து திரும்பி வருகிற வழியில் விழுந்து இறந்துபோகிறார்.

நம் தாத்தாவும் தினம் மனைக்குப் போவார். வெயிலில் போகாதீர்கள் மாமா என்று நீ அவரிடம் கத்துவாய். மாமனாரிடம் மருமகள் கத்தலாமா என்று பாட்டிக்கு அதில் பெரிய வருத்தம். தளம் போட்ட பிறகு அதன்மேல் மண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்களே, இரண்டு வாரம் அது காயவே கூடாது. காய்ந்தால் கான்கிரீட் இறுகுவது பாதியில் நின்றுவிடும், மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும். காலையில் நீ ஆபீஸுக்கு முன்னால் போய் ஊற்றுவாய், சாயங்காலம் திரும்பவும் ஊற்றுவாய். நடுப்பகல் வெயிலில் காய்ந்துவிடுமே என்று தாத்தா யாரிடமும் சொல்லாமல் போய், சாரத்தில் ஏறி, குடத்தால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. சிமென்ட் குறைந்த தளம் அது என்று தெரிந்த நீ, அதன்மேல் அவர் நிற்பதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாய். அவர் அந்தத் தளத்துக்குக் கீழே பதினோரு வருஷம் நன்றாகப் படுத்துத் தூங்கினார் என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

படத்தின் முடிவு உனக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். தாத்தா போன பிறகு, வீடு முடியப்போகிற நேரத்தில், குடிநீர் வாரியத்திலிருந்து ஒரு ஆள் வருகிறார். இந்த இடத்தை வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, இங்கே நீங்கள் வீடு கட்டியதே தப்பு என்கிறார். கட்ட அனுமதி கொடுத்தது ஒரு அலுவலகம், இடம் எங்களுடையது என்று வருவது இன்னொரு அலுவலகம். சுதா அதற்குப் பிறகு நீதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், படம் அங்கேயே நின்றுவிடுகிறது. சினிமாவுக்காகச் சேர்த்த திருப்பம் என்று சிலர் நினைக்கலாம். இல்லவே இல்லை. வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தால் போதும் என்று நாம் நம்புகிறோம். அதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம் மாதிரியான விஷயங்கள்தான் வரும். அரசாங்கம் ஒரு இடத்தைக் கையகப்படுத்த அந்தக் காலத்தில் 1894-ஆம் வருஷச் சட்டப்படி கெஜட்டில் அறிவிப்பு வெளியிடும். வில்லங்கத்தில் அது வராமலே இருக்கலாம். தனியாக நோட்டீஸ் வந்தாலும் வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். பட்டாவை நம் பெயருக்கு மாற்றாமல் விட்டிருந்தால் நோட்டீஸ் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரும். நமக்குத் தெரியவே தெரியாது.

இதைப் படித்த பிறகு உன் டிரங்குப் பெட்டியை நினைத்துக்கொண்டேன். தாத்தா பெயரிலிருந்து உன் பெயருக்குப் பட்டா மாற்ற, சம்பளம் இல்லாத லீவு போட்டுக்கொண்டு நீ தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்ததை நோட்டின் முதல் பக்கங்களில் பார்க்கிறேன். பத்திரம் இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல் என்று அப்பாவே கேட்டிருக்கிறார். நீ விடவில்லை. அடித்தளம் தோண்டுவதற்கு முன்னாலேயே பட்டா, வில்லங்கம், பஞ்சாயத்து அனுமதி மூன்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாய். சிமென்டில் உன்னை ஏமாற்ற முடிந்தது. மண்ணில் யாராலும் முடியவில்லை.

மாமா போன வாரம் எனக்குப் பேசினார். அவருடைய பெண் தஞ்சாவூரில் வீடு கட்டப் போகிறாளாம், அடுத்த மாதம் பூஜை. மேஸ்திரியிடம் மொத்தமாக விடுவதா, தினக்கூலிக்கு ஆள் வைத்துச் சாமானை நாமே வாங்குவதா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், அம்மாவைக் கேளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அக்கா பேசுவாளா?” என்றார். பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீ பேசுவாய் என்று நானாகவே சொல்லிவிட்டேன்.

அவர் வந்ததும் அந்த மஞ்சள் நோட்டை அவருடைய பெண்ணிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் நாம் எல்லாரும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் சத்தம் போடுகிற இடத்தில் தயவுசெய்து எழுந்து போய்விடாதே. அன்றைக்கு நீ அடுப்படிக்குப் போனதால் அடுத்து வருவதைப் பார்க்காமல் விட்டுவிட்டாய். கான்ட்ராக்டர் போன பிறகு வேலை நிற்கவில்லை அம்மா. மங்கம்மா, நான் இருக்கிறேன் என்று வந்து நிற்கிறாள். கொத்தனாரை வைத்துக்கொண்டு அவளும் சுதாவுமாகத்தான் மிச்ச வீட்டைக் கட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் மகள்